150 மீட்டரில் இருந்து மேலே வர ஆறு நாள்

கேள்வி: கடலடி எண்ணெய்க் குழாய்களில் வேலை செய்யும் டைவர்களை வாரக்கணக்கில் ஓர் இரும்பு உருளைக்குள் பூட்டி வைக்கிறார்களாமே, ஷிப்ட் முடிந்ததும் மேலே வந்து படுத்துக்கொள்ளக் கூடாதா? உள்ளே அவர்கள் சுவாசிப்பது சாதாரணக் காற்றுதானா?

அந்த உருளையின் கதவில் பூட்டே கிடையாது. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. 150 மீட்டர் ஆழத்துக்கான அழுத்தம் உள்ளே இருக்கும்போது, 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டக் கதவின்மேல் ஏறக்குறைய 43 டன் எடை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கச் சொன்னாலும் யாராலும் திறக்க முடியாது. அப்படியே ஏதோ ஒரு வழியில் திறந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பதுபோல அந்த உருளை கடலுக்கு அடியில் இல்லை. அது கப்பலின் மேல்தளத்திலோ அதற்குக் கீழ்த்தளத்திலோதான் இருக்கிறது. அதாவது டைவர்கள் ஷிப்ட் முடிந்ததும் மேலே வந்துதான் படுக்கிறார்கள். அவர்கள் உடம்பு மேலே வருகிறது, அழுத்தம் மட்டும் கடலடியிலேயே இருக்கிறது. அரை அடி தள்ளி, இரும்புச் சுவருக்கு வெளியே நான் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் அழுத்தக் கணக்கில் அவர்களுக்கும் எனக்கும் நடுவே ஆறு நாள் பயணம் இருக்கும். நான் பல ஆண்டுகள் உயிர்காப்புத் தொழில்நுட்பராக, அதாவது அந்தச் சேம்பருக்கு வெளியே உட்கார்ந்து உள்ளிருக்கும் வாயுவைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வேலை செய்தவன். அதனால் கடலடி வீரதீரங்களைவிட எனக்கு அந்த ஆறு நாள் கணக்குதான் நன்றாகத் தெரியும்.

தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு பார் அழுத்தம் கூடும். மேற்பரப்பிலேயே ஒரு பார் இருக்கிறது. ஆக 150 மீட்டரில் மொத்தம் 16 பார். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் வாயு இரத்தத்தில் கரைந்து, அங்கிருந்து தசை, கொழுப்பு, மூட்டு, எலும்பு என்று எல்லா இடத்துக்கும் ஊறிப் போகும். இரத்தம் அதிகமாக ஓடும் இடங்கள் நிமிடங்களில் நிறையும். கொழுப்பும் மூட்டுகளும் மெதுவாக நிறையும். ஏறத்தாழ ஒரு நாள், ஒன்றரை நாளில் உடம்பு முழுவதும் இனிமேல் கொள்ளாது என்ற நிலைக்கு வந்துவிடும். இதைத்தான் சாச்சுரேஷன், அதாவது நிறைவுநிலை என்கிறார்கள். தொழிலில் எல்லோரும் சுருக்கமாக 'சாட்' என்பார்கள்.

நிறைந்த பிறகு அதற்குமேல் நிறைவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் இருந்தவர் உடம்பிலும் 28 நாள் இருந்தவர் உடம்பிலும் கரைந்திருக்கும் வாயு ஒரே அளவுதான், அது வெளியேற ஆகும் நேரமும் ஒன்றேதான். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் 1957 முதல் விலங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதித்துப் பார்த்து நிலைநாட்டிய விஷயம் இது. 1965-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்மித் மவுண்டன் அணையில் முதன்முதலாக வணிக வேலைக்கு இந்த முறை பயன்பட்டது.

இதன் லாபத்தைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். மேற்பரப்பில் இருந்து 150 மீட்டருக்கு இறங்கி அரை மணி நேரம் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு வருபவர், அந்த அரை மணிக்காகப் பல மணி நேரம் படிப்படியாக நின்று நின்று மேலே வர வேண்டும். மறுநாள் மறுபடி அதே கதை. ஒவ்வொரு ஏற்றமும் ஓர் ஆபத்து. சாட் முறையில் அந்த ஏற்றத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்தால் போதும். நடுவே மூன்று வாரமும் தினமும் ஆறு மணி நேரம் அடியில் வேலை செய்யலாம். வட்டி ஏறாத கடன் மாதிரி. அசலை மட்டும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சாதாரணக் காற்று அல்ல. அதை 16 பாருக்கு அழுத்தி உள்ளே விட்டால் ஆள் தாங்கமாட்டார்.

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். உடம்பு சதவீதத்தைப் பார்ப்பதில்லை, அந்த வாயுவின் தனிப்பட்ட அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. மேற்பரப்பில் அது 0.21 பார். அதே காற்று 16 பாரில் இருந்தால் ஆக்சிஜனின் பங்கு 3.36 பார். அந்த அளவில் ஆக்சிஜன் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு, சற்று நேரத்தில் வலிப்பு வந்துவிடும். மீதியுள்ள நைட்ரஜனோ அந்த அழுத்தத்தில் மயக்க மருந்து போல வேலை செய்யும். 30 மீட்டரிலேயே லேசான போதை தொடங்கிவிடும், 150 மீட்டரில் கேட்கவே வேண்டாம். மூன்றாவதாக, அழுத்திய காற்று கனமானது. 16 பாரில் ஒரு லிட்டர் காற்று 19 கிராம் எடை இருக்கும், அதை இழுத்து விடுவதற்குள்ளேயே மார்புத் தசைகள் களைத்துப்போகும்.

அதனால்தான் ஹீலியம். அது போதை தருவதில்லை. எடையும் குறைவு. ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த ஹீலியாக்ஸ் அதே 16 பாரில் லிட்டருக்கு மூன்று கிராம் சொச்சம்தான் இருக்கும். இழுப்பது எளிது.

ஆக்சிஜன் எவ்வளவு கலப்பது என்பதில்தான் புதிதாக வருபவர்களுக்குத் தலை சுற்றும். சேம்பருக்குள் ஆக்சிஜனின் பங்கை 0.4 பார் அளவில் வைத்திருப்போம். மேற்பரப்பில் நாம் சுவாசிப்பதைப்போல் இரு மடங்கு. வாரக்கணக்கில் 0.5 பாருக்கு மேல் போனால் நுரையீரல் எரிச்சல் கொள்ளத் தொடங்கும், அதனால்தான் அதோடு நிறுத்துகிறோம். இப்போது வகுத்துப் பாருங்கள். 0.4-ஐ 16-ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். மூன்று வாரம் ஆறு பேர் உண்டு உறங்கி வாழும் அறையின் வாயுவில் ஆக்சிஜன் இரண்டரை சதவீதம்தான், அதுவே அவர்களுக்குத் தாராளம். அதே வாயுவை ஒரு குழாயில் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து நீங்கள் இரண்டு மூச்சு இழுத்தால் எச்சரிக்கையே இல்லாமல் நினைவிழந்து விழுவீர்கள். மூச்சு முட்டுவது போன்ற உணர்வுகூட வராது. அந்த உணர்வைக் கொடுப்பது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு.

இதனால் இந்தத் தொழிலில் 'நல்ல வாயு', 'கெட்ட வாயு' என்று ஒன்றும் கிடையாது, எந்த ஆழத்துக்கு என்பதுதான் கேள்வி. கப்பலுக்கு வரும் ஒவ்வொரு வாயு உருளை அடுக்கையும் வந்தவுடன் ஒரு முறை, இணைக்கும் முன் ஒரு முறை பகுப்பாய்வுக் கருவியில் பார்ப்போம். ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சுத்த ஹீலியத்தைக் கப்பலில் ஏற்றுவதையே பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். அதில் இரண்டு சதவீதமாவது ஆக்சிஜன் கலந்துதான் வரும். தவறிப்போய் அதை ஒரு டைவரின் முகக்கவசத்துக்குத் திருப்பிவிட்டாலும் 150 மீட்டரில் அது 0.32 பார் ஆக்சிஜன் தரும், அவர் உயிரோடு இருப்பார். எனக்குப் பிடித்த பாதுகாப்பு ஏற்பாடு இதுதான். யாரையும் கவனமாக இருக்கச் சொல்லாமல், தவறு நடந்தாலும் ஆள் சாகாதபடி பொருளையே மாற்றிவிட்டார்கள்.

ஆறு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு ஹீலியம் கலவையை மெதுவாக உள்ளே விடுவோம். வாயுவை அழுத்தும்போது சூடாகும். உள்ளே வியர்த்துக் கொட்டும். பத்து மீட்டர் அளவில் நிறுத்தி எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வோம். 150 மீட்டருக்குப் போகச் சில மணி நேரம் எடுத்துக்கொள்வது நல்லது. அவசரப்பட்டால் மூட்டுகளில் எண்ணெய் வற்றியதுபோல் நெரியும். இன்னும் ஆழத்துக்கு, 200 மீட்டருக்கும் கீழே வேகமாகக் கொண்டுபோனால் கை நடுக்கம், தலைசுற்றல், கவனக்குறைவு எல்லாம் வரும். இது உயர் அழுத்த நரம்பு நோய்க்குறி. மிக ஆழத்தில் இந்த நடுக்கத்தைத் தணிக்க ஹைட்ரஜனைக் கலந்து பார்த்த சோதனைகளும் உண்டு. 1992-இல் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம் ஒரு டைவரைச் சேம்பருக்குள் 701 மீட்டர் அழுத்தத்துக்குக் கொண்டுபோனது அப்படித்தான். அன்றாடத் தொழிலில் அவ்வளவு ஆழம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

அழுத்தம் வந்து நின்றதும் பேச்சு மாறிவிடும். ஹீலியத்தில் ஒலி வேகமாகப் போவதால் எல்லோர் குரலும் கீச்சுக் குரலாகிவிடும். எங்கள் பக்கத்தில் அதைத் திருத்திக் கேட்க ஒரு மின்னணுக் கருவி உண்டு. அது இருந்தும் முதல் இரண்டு நாள் பாதி புரியாது. அடுத்தது குளிர். ஹீலியம் காற்றைப்போல் ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 30 டிகிரியில் வெப்பத்தை வைத்திருந்தால் சுகமாக இருக்கும். ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் போர்வைக்குள் நடுங்குவார்கள், ஒன்றிரண்டு ஏறினால் புழுங்கித் தவிப்பார்கள். ஆறு பேரில் ஒருவர் எப்போதும் கூட்டச் சொல்வார், ஒருவர் குறைக்கச் சொல்வார்.

சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் மருந்துப் பெட்டி என்று நாங்கள் சொல்லும் ஒரு சிறு இடைவழி மூலம் போகும். இரு பக்கமும் கதவுள்ள குழாய் அது. வெளிக்கதவைத் திறந்து பொருளை வைத்துச் சாத்தி, உள்ளழுத்தத்துக்குச் சமமாக்கினால் அவர்கள் உள்கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஒரு வேடிக்கை. மூடிய ஜாடி எதை அனுப்பினாலும் மூடியைத் தளர்த்தித்தான் அனுப்ப வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் புதிதாக வாங்கிய ஒரு காபித்தூள் ஜாடியை அப்படியே வைத்துவிட்டேன். சமமாக்கும்போது டப்பென்று ஒரு சத்தம். உள்ளே போனது கண்ணாடித் துகள் கலந்த காபித்தூள். உள்ளிருந்தவர் கீச்சுக் குரலில் என்னைத் திட்டியதைக் கருவி திருத்திக் கொடுக்கவில்லை. ஒருவகையில் அது நல்லதாகப் போயிற்று.

எங்களுக்கு உண்மையான வேலை இந்த ஜாடிகள் அல்ல. ஆறு பேர் மூச்சுவிடுகிறார்கள். ஓர் ஆள் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ஆக்சிஜனை எரிக்கிறார். ஆறு பேருக்கு ஒரு நாளில் நாலாயிரம் லிட்டருக்கு மேல். இருபது கன மீட்டர் சேம்பரில் அதை ஈடுசெய்யாமல் விட்டால் 0.4 பார் ஒரே நாளில் 0.2-க்குக் கீழே போகும். மெதுவாகத்தான் குறையும் என்பதால் பயப்பட நேரம் உண்டு, மறந்துபோகவும் நேரம் உண்டு. கரியமில வாயு அப்படியல்ல. அதை உறிஞ்ச சோடா சுண்ணாம்புத் துகள் நிரப்பிய பெட்டிகள் வழியே விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். எல்லை 0.005 பார். 16 பாரில் அது 0.03 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணைப் பார்த்து இது ஒன்றுமில்லை என்று நினைப்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். உள்ளிருப்பவர்களுக்குத் தலைவலி வந்து, பேச்சில் எரிச்சல் ஏறினால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சோடா சுண்ணாம்பின் நேரத்தைத்தான்.

காதையும் சொல்ல வேண்டும். சூடு, ஈரம், ஆறு பேர். சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. ஒரு காது சீழ் பிடித்தால் அந்த டைவர் தண்ணீருக்குப் போக முடியாது, அவரை வெளியேயும் அனுப்ப முடியாது. அதனால் தினமும் இரு காதிலும் அமில மருந்துத் துளி விட்டு ஒவ்வொரு பக்கமும் ஐந்து நிமிடம் சாய்ந்து கிடப்பது கட்டாயம். ஆழ்கடல் டைவர் என்றதும் சுறாவைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் இந்தக் காது மருந்தைப் பற்றித்தான் சொல்வேன்.

வேலைக்குப் போவது பெல் என்ற இன்னொரு சிறு கூண்டில். அது சேம்பரோடு கவ்வியால் இணைந்திருக்கும். மூன்று பேர் ஊர்ந்து ஏறி, இரு பக்கக் கதவுகளையும் சாத்தி, நடுவில் உள்ள இடைவெளியின் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் கவ்வியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை 1983 நவம்பர் 5 அன்று நார்வேக் கடல் எல்லையில் பைஃபோர்டு டால்ஃபின் என்ற எண்ணெய்த் துரப்பண மேடையில் பார்த்தார்கள். சேம்பர் கதவு மூடும் முன் கவ்வி திறந்தது. ஒன்பது வளிமண்டல அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றாக இறங்கியது. நான்கு டைவர்களும் வெளியே இருந்த ஓர் உதவியாளரும் இறந்தார்கள், இன்னோர் உதவியாளர் படுகாயமடைந்தார். இன்றைய கவ்விகளில் உள்ளே அழுத்தம் இருக்கும்வரை திறக்கவே விடாத தடுப்பு உண்டு.

பெல் கீழே போனதும் இருவர் வெளியே நீந்துவார்கள், மூன்றாமவர் உள்ளேயே இருந்து அவர்களின் அம்பிலிக்கலைக் கவனிப்பார். அம்பிலிக்கல் என்றால் தொப்புள்கொடி, பெயர் பொருத்தமானதுதான். சுவாச வாயு, பேச்சுக் கம்பி, விளக்குக்கு மின்சாரம், உடைக்குள் ஓடும் வெந்நீர் எல்லாம் அதில்தான் வருகின்றன. வெந்நீர் இல்லாவிட்டால் ஹீலியத்தைச் சுவாசிக்கும் உடம்பு உள்ளிருந்தே குளிர்ந்துவிடும். வெளியே வேலை செய்யும்போது ஆக்சிஜனைச் சற்றுக் கூட்டி, நான்கு சதவீத அளவில் கொடுப்போம். அது 0.64 பார். சில மணி நேரத்துக்கு அது பாதுகாப்பானது, உழைப்புக்கும் உதவும். வெளிவிடும் மூச்சைக்கூட வீணாக்குவதில்லை. ஹீலியம் விலை அதிகம் என்பதால் அதைக் குழாய் வழியே கப்பலுக்கு இழுத்து, சுத்தம் செய்து, ஆக்சிஜன் சேர்த்து மறுபடி அனுப்புகிறார்கள்.

முதுகில் ஓர் அவசர வாயு உருளையும் இருக்கும். அதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். உழைக்கும் ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்தால், 16 பாரில் அது மேற்பரப்புக் கணக்கில் 640 லிட்டர். 200 பாருக்கு நிரப்பிய பத்து லிட்டர் உருளையில் இருப்பதே 2,000 லிட்டர். மூன்று நிமிடம். பெல்லுக்குத் திரும்பி ஓட அது போதும், வேறு எதற்கும் போதாது.

2012 செப்டம்பரில் வடகடலில், சுமார் 90 மீட்டர் ஆழத்தில் இது நடந்தது. கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் கணினி அமைப்பு செயலிழந்து கப்பல் நகர்ந்துவிட்டது. ஒரு டைவரின் அம்பிலிக்கல் கடலடிக் கட்டமைப்பில் மாட்டி அறுந்தது. அவரிடம் இருந்த அவசர வாயு சில நிமிடங்களுக்குத்தான். அவரை மீண்டும் பெல்லுக்குள் கொண்டுவருவதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதியதும் மூச்சு வந்து அவர் எழுந்துகொண்டார். குளிர்ந்த நீரும், உயர்ந்த ஆக்சிஜன் அளவைச் சுவாசித்து உடம்பில் ஏறியிருந்த இருப்பும் சேர்ந்து காப்பாற்றியிருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள். இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொருவருக்கு இப்படி நடக்கும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இப்போது அந்த ஆறு நாளுக்கு வருகிறேன்.

வேலை முடிந்துவிட்டது, பெல் இனி இறங்காது. 150 மீட்டர் என்பது ஏறக்குறைய 490 அடி. அமெரிக்கக் கடற்படையின் அட்டவணைப்படி 200 அடிவரை மணிக்கு 6 அடி வீதம் குறைக்கலாம். 290 அடிக்கு 48 மணி நேரம் சொச்சம். 200-இல் இருந்து 100 வரை மணிக்கு 5 அடி, 20 மணி நேரம். 100-இல் இருந்து 50 வரை மணிக்கு 4 அடி, பன்னிரண்டரை மணி நேரம். கடைசி 50 அடி மணிக்கு 3 அடி, ஏறக்குறைய 17 மணி நேரம். கூட்டினால் 98 மணி நேரம். ஆனால் நாள் முழுவதும் நகரக் கூடாது. நள்ளிரவு முதல் காலை ஆறு வரையும், பிற்பகலில் இரண்டு மணி நேரமும் நிறுத்தி வைக்க வேண்டும். ஆக ஒரு நாளைக்கு 16 மணி நேரம்தான் பயணம். 98-ஐ 16-ஆல் வகுத்தால் ஆறு நாளும் சற்று மிச்சமும். மற்ற நிறுவனங்களின் அட்டவணைகள் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனாலும் இதையொட்டித்தான் வரும்.

கட்டுப்பாட்டுப் பலகையின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு இது எப்படித் தெரியும் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வால்வை லேசாகத் திறந்து ஓர் அடியை வெளியேற்றி, மூடி, நேரத்தைக் குறித்துவைப்பது. கடைசிக் கட்டத்தில் இருபது நிமிடத்துக்கு ஓர் அடி. இவ்வளவு நிதானம் எதற்கு என்பதை என்னிடம் ஒரு கைக்கடிகாரம் காட்டிக் கொடுத்தது. ஹீலியம் அணு மிகச் சிறியது. நீர் புகாத கடிகாரத்தின் ரப்பர் வளையங்களைக்கூடத் தாண்டி, சில நாளில் உள்ளே 16 பாருக்கு நிரம்பிவிடும். கடிகாரமும் நிறைவுநிலைக்கு வந்துவிடுகிறது, டைவரைப் போலவே. அழுத்தம் குறையும்போது உள்ளே போன வேகத்தில் அது வெளியே வர முடிவதில்லை. ஓர் இரவு, நாங்கள் 60 அடியில் நிறுத்தியிருந்தபோது, ஒருவர் தலைமாட்டில் கழற்றி வைத்திருந்த மலிவான கடிகாரத்தின் கண்ணாடி துள்ளி எகிறிச் சுவரில் பட்டது. டைவர்களுக்கென்றே செய்யும் கடிகாரங்களில் ஹீலியம் வெளியேற 1960-களின் இறுதியிலிருந்தே சிறு வால்வு வைக்கிறார்கள். மனித முழங்காலுக்கு அப்படி ஒரு வால்வு இல்லை. மூட்டின் ஓரத்தில் ஹீலியம் குமிழாக வந்துவிட்டால் ஆழமான, இடம் சொல்லத் தெரியாத ஒரு வலி தொடங்கும். பெரும்பாலும் முழங்காலில். இரவில் இடித்துக்கொண்டேன் போலிருக்கிறது என்று டைவர் சமாளிப்பார். ஏனென்றால் சொன்னால் பயணம் நிற்கும், எல்லோருக்கும் நாள் கூடும். நாங்கள் நிறுத்தி, அழுத்தத்தைச் சற்று ஏற்றி, கூடுதல் ஆக்சிஜன் கொடுத்து, வலி போன பிறகே மறுபடி கிளம்புவோம். வலியை மறைத்த ஆளைவிட, அதைக் கேட்டு அலுத்துக்கொள்ளும் சக டைவர்தான் எனக்கு அதிகக் கவலை தருவார்.

இறங்கும்போது பெரிதாக இல்லாத ஒரு ஆபத்து ஏறும்போது முளைக்கும். 150 மீட்டரில் ஆக்சிஜன் இரண்டரை சதவீதம்தான் என்பதால் தீக்குச்சிகூட எரியாது. ஆறு சதவீதத்துக்குக் கீழே எதுவும் பற்றாது. ஆனால் அழுத்தம் குறையக் குறைய 0.4 பாரைக் காப்பாற்ற ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். சதவீதம் ஏறிக்கொண்டே வரும். கடைசிப் பத்து மீட்டரில் அது சாதாரணக் காற்றின் அளவைத் தொடும். அங்கே 23 சதவீதத்தைத் தாண்டவிடாமல் நிறுத்தி, ஆக்சிஜன் பங்கு குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவோம். வீடு நெருங்கும் நேரத்தில்தான் தீ வர வாய்ப்பு.

இந்த ஆறு நாளில் கப்பலுக்கே ஏதாவது ஆனால்? 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு என்ற எண்ணெய் மேடையில் ஒரு துணைக்கப்பல் மோதி, மேடை எரிந்து, 22 பேர் இறந்தார்கள். மோதிய கப்பலிலும் தீப்பிடித்தது. அதில் சாட் சேம்பருக்குள் ஆறு டைவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் கப்பலைவிட்டு இறங்கினார்கள், இவர்களால் இறங்க முடியாது. சுமார் 36 மணி நேரத்துக்குப் பிறகுதான் அவர்களை மீட்டார்கள், ஆறு பேரும் பிழைத்தார்கள். புதிய கப்பல்கள் பலவற்றில் சேம்பரோடு இணைந்த அழுத்த உயிர்காப்புப் படகு இருக்கிறது. டைவர்கள் அதே அழுத்தத்தில் அதற்குள் ஊர்ந்து போய் உட்கார்ந்தால், படகு கழன்று தானே ஓடும். மூன்று நாளைக்கான வாயுவும் தண்ணீரும் அதில் இருக்கும். அதற்குள் அதை இன்னொரு சேம்பரோடு இணைத்தாக வேண்டும். பழகிப் பார்ப்பதற்காக அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள்கூட வாந்தி எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மூன்று நாள் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

ஒன்றும் ஆகாத சாதாரண நாளில், ஏழாம் நாள் விடியற்காலை ஊசி பூஜ்யத்துக்கு வரும். மூன்று வாரமாக 43 டன் தாங்கிய கதவின் ரப்பர் வளையம் லேசாகத் தொய்ந்து ஒரு சிறு சத்தம் வரும். உள்ளிருப்பவர் ஒரு விரலால் அதை இழுத்துவிடுவார். அவர் வெளியே வந்து தன் சொந்தக் குரலில் முதல் வார்த்தை பேசும்போது நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம், இத்தனை நாள் கேட்டது அவர் குரலே இல்லை. அதன்பிறகும் அவர் உடனே ஹெலிகாப்டரில் ஏற முடியாது. மேலே போனால் அழுத்தம் இன்னும் குறையும். ஒரு நாளாவது சேம்பருக்குப் பக்கத்திலேயே இருந்து, முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வலி ஏதும் வரவில்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.